'ஐ விஷ் ஐ வாஸ்' எப்போது 'ஐ விஷ் ஐ வேர்' ஆகிறது?

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் 'ஐ விஷ் ஐ வாஸ் இன் த ஆபீஸ் டுடே' என்று எழுதியிருந்தேன். என் மேலாளர் 'வாஸ்' என்பதை 'வேர்' என்று திருத்தினார். 'ஐ' ஒருமைதானே என்று கேட்டதற்கு, 'விஷ்', 'இஃப்' வந்தால் 'வேர்'தான் என்றார். அதை நம்பி அடுத்த மின்னஞ்சலில் 'இஃப் ஐ வேர் ரூட் ஆன் த கால், ஐ அபாலஜைஸ்' என்றும், 'ஐ விஷ் ஐ வேர் மோர் கேர்ஃபுல் லாஸ்ட் வீக்' என்றும் எழுதினேன். மன்னிப்பு வாக்கியத்தை அவரே 'வாஸ்' என்று மாற்றிவிட்டார். மற்றதைத் தொடவில்லை. காரணம் கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் விதி என்ன?

பதில்:

உங்கள் மேலாளர் செய்த இரண்டு திருத்தங்களும் சரி. அவர் சொன்ன விதிதான் தவறு. அவர் தொடாமல் விட்ட மூன்றாவது வாக்கியத்தில் 'வாஸ்' போட்டாலும் பிழை, 'வேர்' போட்டாலும் பிழை. மூன்றையும் ஒரே காரணத்தைக் கொண்டு விளக்கிவிடலாம். அதற்கு முதலில் 'வாஸ்', 'வேர்' இரண்டையும் மறந்துவிட்டு வேறு வினைச்சொற்களைப் பார்ப்போம்.

'எனக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்' என்பதை ஆங்கிலத்தில் 'ஐ விஷ் ஐ நியூ ஜாப்பனீஸ்' என்கிறோம். 'நியூ' என்பது 'நோ' என்ற வினையின் இறந்தகால வடிவம். ஆனால் பேசுபவர் நேற்றைய கதையைச் சொல்லவில்லை. இன்று, இந்த நிமிடம் தெரியவில்லையே என்கிறார். 'ஐ விஷ் வி ஹேட் மோர் டைம்' என்பதும் அப்படித்தான். 'ஹேட்' இறந்தகால வடிவம், சொல்லும் ஏக்கமோ இப்போதையது. ஆங்கிலத்தில் இறந்தகால வடிவத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, நடந்தது முன்பு என்று காட்டுவது. மற்றொன்று, சொல்வது உண்மைக்குப் புறம்பானது என்று காட்டுவது. 'விஷ்' என்ற சொல்லுக்குப் பின்னால் அது இரண்டாவது வேலையைச் செய்கிறது.

இது நமக்கு அந்நியமான ஏற்பாடு இல்லை. 'நாளை மழை பெய்தால் வரமாட்டேன்' என்கிறோம். 'பெய்தது' என்பதில் வரும் அதே இறந்தகால அடிதான் 'பெய்தால்' என்பதிலும் இருக்கிறது. 'வந்தால்', 'போனால்', 'படித்தால்' எல்லாமே அப்படி உருவானவை. நாளைய மழைக்கு ஏன் இறந்தகால அடி என்று நாம் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே அந்த வடிவம் காலத்தைக் குறிக்கவில்லை என்று நமக்குத் தெரியும். 'ஐ விஷ் ஐ நியூ' என்பதையும் அதே மனநிலையில் வாசித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இப்போது உங்கள் 'ஆபீஸ்' வாக்கியத்துக்கு வருவோம். இன்று நீங்கள் அலுவலகத்தில் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறீர்கள். ஆகவே 'ஐ ஆம்' என்பதில் உள்ள 'ஆம்' வினைக்கு இறந்தகால வடிவம் தேவை. 'நோ' வுக்கு 'நியூ' ஒன்றுதான், 'ஹேவ்' வுக்கு 'ஹேட்' ஒன்றுதான், அதனால் அங்கே குழப்பம் எழவே வழியில்லை. 'பி' என்ற வினைக்கு மட்டும் இறந்தகாலத்தில் 'வாஸ்', 'வேர்' என்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. நீங்கள் பள்ளியில் படித்தபடி ஒருமைக்கு 'வாஸ்', பன்மைக்கு 'வேர்'. ஆனால் 'ஐ விஷ் ஐ வேர்' என்பதில் உள்ள 'வேர்' அந்தப் பன்மை 'வேர்' இல்லை. ஒலியில் ஒன்றுபோல இருக்கும் வேறொரு வடிவம் அது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் உண்மையில் நடந்ததைச் சொல்ல ஒரு வடிவமும், நடக்காததை, விரும்புவதை, கற்பனை செய்வதைச் சொல்ல இன்னொரு வடிவமும் இருந்தன. 'நான் இருந்தேன்' என்பதற்கு 'வஸ்' போல ஒலிக்கும் வடிவம். 'நான் இருந்தால்' என்ற கற்பனைக்கு 'வேரே'. பன்மையில் 'இருந்தோம்' என்பதற்கு 'வேரோன்', கற்பனைக்கு 'வேரேன்'. மற்ற வினைகளும் இப்படித்தான் பிரிந்து நின்றன. 'குடித்தேன்' என்பதற்கு 'ட்ரங்க்', 'குடித்தால்' என்ற கற்பனைக்கு 'ட்ருங்கே'. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் இந்தப் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. நடந்ததற்கு 'வார்', கற்பனைக்கு 'வேரே' என்று இன்றைய ஜெர்மானியர் பேசுகிறார்கள்.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சொற்களின் ஈற்றசைகள் தேய்ந்து உதிர்ந்தன. 'வேரே', 'வேரோன்', 'வேரேன்' மூன்றும் கடைசியில் 'வேர்' என்ற ஒற்றை ஒலியில் வந்து சேர்ந்தன. மற்ற வினைகளில் நடந்ததற்கும் கற்பனைக்கும் இருந்த வேறுபாடு அடியோடு மறைந்தது. 'பி' வினையில் மட்டும், அதுவும் 'ஐ', 'ஹி', 'ஷி', 'இட்' ஆகியவற்றோடு வரும்போது மட்டும், பழைய கற்பனை வடிவம் தப்பிப் பிழைத்தது. இலக்கண நூல்கள் இதை 'சப்ஜங்டிவ்' என்கின்றன. பெயர் பெரிதாக இருந்தாலும் இன்றைய ஆங்கிலத்தில் இந்த வகை 'வேர்' வேறுபட்டுத் தெரியும் இடம் இது ஒன்றே. 'வி', 'யூ', 'தே' வந்தால் எப்படியும் 'வேர்'தான், அங்கே நீங்கள் யோசிக்க வேண்டியதே இல்லை.

அப்படியானால் 'ஐ விஷ் ஐ வாஸ்' பிழையா? என் தீர்ப்பு, பிழை இல்லை. மற்ற எல்லா வினைகளிலும் சாதாரண இறந்தகால வடிவமே இந்த வேலையைச் செய்யும்போது, 'வாஸ்' என்பதும் அதே வரிசையில் வந்து நிற்பது இயல்பு. ஆங்கிலேயர்கள் குறைந்தது 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படி எழுதி வருகிறார்கள். இன்றைய பேச்சில் 'ஐ விஷ் ஐ வாஸ் தேர்' என்பது மிகச் சாதாரணம். ஆனால் அலுவலகக் கடிதம், விண்ணப்பம், தேர்வு, கட்டுரை என்று வரும்போது 'வேர்' எழுதுங்கள். அங்கே 'வாஸ்' எழுதினால் அதைப் பிழையாகக் கருதும் வாசகர்கள் நிறைய உண்டு, குறிப்பாக அமெரிக்கர்களிடையே. 'வேர்' எழுதினால் குறை சொல்ல யாரும் இல்லை. அந்தக் காரணத்தால்தான் உங்கள் மேலாளரின் முதல் திருத்தம் நல்ல திருத்தம். 'இஃப் ஐ வேர் யூ', அதாவது 'உங்கள் இடத்தில் நான் இருந்தால்' என்ற தொடரில் மட்டும் பேச்சிலும் 'வேர்' என்றே சொல்லிப் பழகுங்கள். அது அப்படியே உறைந்துபோன தொடர், அங்கே 'வாஸ்' பலர் காதில் உறுத்தும்.

அடுத்தது மன்னிப்பு வாக்கியம். உங்களைப் போலவே பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள், அதுவும் 'வேர்' விதியைக் கற்ற பிறகு. 'இஃப்' வந்தாலே கற்பனை என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். தொலைபேசியில் நீங்கள் கடுமையாகப் பேசினீர்களா இல்லையா என்பது உங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. பேசியிருக்கலாம். அப்படியானால் மன்னிப்பு. இது திறந்த நிலையில் உள்ள ஒரு சாத்தியம், உண்மைக்குப் புறம்பான கற்பனை இல்லை. நேற்றைய ஒரு நிகழ்வைப் பற்றியது என்பதால் இங்கே இறந்தகாலம் தன் வழக்கமான வேலையையே செய்கிறது. எனவே 'இஃப் ஐ வாஸ் ரூட் ஆன் த கால், ஐ அபாலஜைஸ்'.

இங்கே 'வேர்' போட்டால் வெறும் இலக்கணக் குறையோடு போகாது. 'நான் கடுமையாகப் பேசவே இல்லை, ஒருவேளை பேசினால்' என்ற தொனி அதில் ஏறிவிடும். மன்னிப்பின் முதல் பாதியே மன்னிப்பை மறுப்பதுபோல் ஒலிக்கும். மேலாளருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் காது சரியாகப் பிடித்திருக்கிறது.

நமக்கு இது ஏன் எளிதில் பிடிபடுவதில்லை என்றால், தமிழ் இந்த இரண்டையும் வடிவத்தில் பிரிப்பதில்லை. 'நான் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள்' என்கிறோம். 'நான் கடுமையாகப் பேசியிருந்தால் அவர் அப்போதே எழுந்து போயிருப்பார்' என்றும் சொல்கிறோம். முதலாவதில் பேசியிருக்கக்கூடும். இரண்டாவதில் பேசவில்லை என்பது நிச்சயம். இரண்டுக்கும் ஒரே 'பேசியிருந்தால்'. வேறுபாட்டை நாம் வாக்கியத்தின் பின்பாதியிலிருந்து புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலும் பின்பாதி உதவும். அங்கே 'வுட்', 'குட்' போன்றவை வந்தால் முன்பாதி கற்பனை. 'ஐ அபாலஜைஸ்' போல நேரான வினை வந்தால் முன்பாதி திறந்த சாத்தியம். ஆனால் ஆங்கிலம் அதோடு நிற்காமல் முன்பாதியின் வினையிலும் அடையாளம் கேட்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, உடனே 'ஆனால் உண்மை அப்படி இல்லை' என்று சேர்த்துப் பாருங்கள். 'இன்று அலுவலகத்தில் இருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் உண்மை அப்படி இல்லை' என்பது பொருந்துகிறது. அங்கே 'வேர்' வரும். 'நான் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள், ஆனால் உண்மை அப்படி இல்லை' என்பது பொருந்தவில்லை, மன்னிப்பே கெட்டுவிடுகிறது. அங்கே 'வேர்' வராது. 'இஃப்' என்பது 'ஆ என்று' என்ற பொருளில் வரும் இடங்களும் உண்டு. 'அவர் ஓய்வாக இருக்கிறாரா என்று யோசித்தேன்' என்பதற்கு 'ஐ வாண்டர்ட் இஃப் ஹி வாஸ் ஃப்ரீ'. இங்கேயும் 'வேர்' போடாதீர்கள். கற்றவர்களே அதிக நேர்த்திக்காகச் செய்யும் பிழை இது.

இனி யாரும் தொடாத மூன்றாவது வாக்கியம். கடந்த வாரம் நீங்கள் கவனமாக இல்லை, இருந்திருக்க வேண்டும் என்ற வருத்தம். 'ஆனால் உண்மை அப்படி இல்லை' என்பது இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. கற்பனைதான். ஆனால் முதல் வாக்கியத்தில் இறந்தகால வடிவத்தைக் கற்பனைக்காகச் செலவழித்துவிட்டோம், அது காலத்தைக் காட்டவில்லை என்று பார்த்தோம். இப்போது காலமும் கடந்த வாரம் என்றால், கற்பனைக்கு ஒருபடி, காலத்துக்கு இன்னொருபடி என்று இரண்டு படி பின்னால் போக வேண்டும். இரண்டாவது படியைத் தருவது 'ஹேட்'. ஆகவே 'ஐ விஷ் ஐ ஹேட் பீன் மோர் கேர்ஃபுல் லாஸ்ட் வீக்'. தமிழும் இதையேதான் செய்கிறது. 'இருந்தால்' என்பதை 'இருந்திருந்தால்' ஆக்குகிறோம், 'வந்தால்' என்பதை 'வந்திருந்தால்' ஆக்குகிறோம். உங்கள் மனதில் 'இருந்திருந்தால்' ஓடினால் கையில் 'ஹேட் பீன்' வர வேண்டும்.

'லாஸ்ட் வீக்', 'யெஸ்டர்டே' போன்ற சொல் வாக்கியத்தில் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது எளிது. அவை இல்லாதபோதுதான் பொருளே மாறிப்போகும். 'ஐ விஷ் ஐ வேர் மோர் கேர்ஃபுல்' என்று மட்டும் எழுதினால் அதில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் 'நான் இயல்பிலேயே கவனமில்லாதவன், கொஞ்சம் கவனமானவனாக இருந்தால் நன்றாக இருக்கும்' என்று வாடிக்கையாளர் புரிந்துகொள்வார். ஒரு வாரத்துத் தவறு உங்கள் குணத்தின் மீது ஏறிவிடும்.

காலத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அளவுகோல் இன்று அல்ல, விரும்பிய கணம். போன மாதம் ஒரு சலிப்பான கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது வேறு எங்காவது இருந்தால் தேவலை என்று தோன்றியதைச் சொல்ல வேண்டுமானால் 'ஐ விஷ்ட் ஐ வேர் சம்வேர் எல்ஸ்' என்றாலே போதும். விருப்பமும் விரும்பிய நிலையும் ஒரே நேரத்தவை. 'விஷ்' என்பது 'விஷ்ட்' ஆகிவிட்டதே என்று உள்ளே இருக்கும் வினையையும் 'ஹேட் பீன்' என்று தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை.

'இஃப் ஒன்லி' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் போவீர்கள். வினை வடிவத்தைப் பொறுத்தவரை அது 'விஷ்' போலவேதான் நடக்கும். 'இஃப் ஒன்லி ஐ வேர் தேர்' என்றால் இப்போதைய ஏக்கம், 'இஃப் ஒன்லி ஐ ஹேட் பீன் தேர்' என்றால் போனதைப் பற்றிய வருத்தம். இதன் உணர்ச்சி 'விஷ்' என்பதைவிடக் கூடுதல். இதற்கு மிக நெருக்கமான தமிழ் வடிவம் 'மட்டும்'. 'அவர் மட்டும் இங்கே இருந்திருந்தால்...' என்று சொல்லி வாக்கியத்தை முடிக்காமலே விட்டுவிடுகிறோம், கேட்பவருக்கு மீதி புரிந்துவிடுகிறது. 'இஃப் ஒன்லி' வாக்கியமும் அப்படித் தனியே நிற்கும். 'மட்டும்' இடம் மாறினால் பொருள் மாறுவதும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். 'அவர் வந்தால் மட்டும் கையெழுத்திடுவேன்' என்பது ஏக்கம் இல்லை, நிபந்தனை. அது 'ஒன்லி இஃப்'. ஒப்பந்தம் பற்றிய கடிதத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் நிபந்தனை புலம்பலாகிவிடும்.

வாடிக்கையாளருக்கான கடிதங்களில் 'இஃப் ஒன்லி' வேண்டாம் என்பது என் கருத்து. அது வீட்டுப் பேச்சுக்கு உரியது. அதேபோல 'ஐ விஷ் யூ வுட் ரிப்ளை சூனர்' போன்றதையும் தவிருங்கள். 'விஷ்' என்பதற்குப் பின் அடுத்தவரைச் சுட்டி 'வுட்' வந்தால், அவர் செய்ய மறுக்கிறார் என்ற எரிச்சல் அதில் தெரியும். பணிவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு இதை எழுதுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நடக்கக்கூடிய ஒன்றை வாழ்த்தாகச் சொல்வதற்கு 'ஹோப்' பயன்படுத்துங்கள். 'ஐ விஷ் யூ வில் கெட் வெல் சூன்' ஆங்கிலம் ஆகாது, 'ஐ ஹோப் யூ கெட் வெல் சூன்' என்பதே சரி. நடக்கக்கூடியது என்று நம்பும் இடத்தில் கற்பனை வடிவத்துக்கு வேலை இல்லை.

உங்கள் மூன்று வாக்கியங்களில் முதலிரண்டும் மேலாளர் திருத்தியபடியே இருக்கட்டும். மூன்றாவதை 'ஹேட் பீன்' என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனாலும் நான் அதை வேறு மாதிரி எழுதுவேன். 'ஐ விஷ்' என்பது வருத்தத்தை மட்டும் சொல்கிறது, பொறுப்பை யார் ஏற்கிறார் என்று சொல்வதில்லை. கடந்த வாரத் தவறு உங்களுடையது என்றால் 'ஐ ஷுட் ஹேவ் பீன் மோர் கேர்ஃபுல் லாஸ்ட் வீக்' என்று எழுதுங்கள். 'நான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்ற ஒப்புதல் அதில் நேராக இருக்கிறது.